உருளைக் கம்பியை எவ்வளவு நீளத்தில் வெட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரங்கள் பல, செய்தவர்களின் காலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பவை. உடைந்த பாகத்துக்குப் பதில் பாகம் கடையில் கிடைக்காது. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு பட்டறையில் உலையில் அடித்தும் லேத்தில் கடைந்தும்தான் செய்ய வேண்டும். அப்போது எழும் முதல் கேள்வி, கம்பியை எங்கே வெட்டுவது என்பது. இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஒரு பாகத்தை வைத்தே கணக்குப் பார்க்கிறது. கொழுந்தை உருட்டும் ரோலரின் கிராங்கில் பொருந்தும், தலை பெருத்த ஒரு முளை அது.

பாகத்தின் கன அளவு தெரியும். கம்பியின் விட்டமும் தெரியும். நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதாதா?

அடிப்படை அந்த வகுத்தல்தான். அடித்தாலும் நீட்டினாலும் இரும்பின் கன அளவு மாறாது, வடிவம்தான் மாறுகிறது. ஆகவே:

நீளம் = கன அளவு ÷ கம்பியின் குறுக்குப் பரப்பு

குறுக்குப் பரப்பு = 0.7854 × விட்டம் × விட்டம்

ஆனால் எந்தக் கன அளவை வகுக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வரைபடத்தில் இருப்பது கடைந்து முடிந்த பாகத்தின் கன அளவு. உலையிலிருந்து வெளியே வரும்போது பாகம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; லேத் சீவி எடுப்பதற்கு இரும்பு மிச்சம் வேண்டும் அல்லவா? உலைக்குள் போகும்போது அதைவிடவும் பெரிதாக இருக்க வேண்டும். நெருப்பு தன் பங்கைத் தின்றுவிடும். எனவே முடிந்த பாகத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். முதலில் கடைசலுக்கான மிச்சம், அடுத்து எரிந்து போகும் பங்கு, கடைசியில் வெட்டும் அலகு தின்னும் அகலம். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் போட்டுக் காட்ட முடியுமா?

நம் முளை முடிந்த நிலையில் இப்படி இருக்க வேண்டும்: தலை 76 மி.மீ. விட்டம், 18 மி.மீ. தடிப்பு. தண்டு 36 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளம். மொத்த நீளம் 138 மி.மீ. கையில் இருப்பது 40 மி.மீ. கறுப்பு மைல்ட் ஸ்டீல் கம்பி.

எல்லாப் பக்கமும் 2 மி.மீ. கடைசலுக்கு விடுகிறோம். தலை 80 மி.மீ. விட்டமும் 22 மி.மீ. தடிப்புமாக அடிக்கப்பட வேண்டும். தண்டுக்கு 40 மி.மீ. கம்பியே போதும், 36-க்குக் கடையும்போது பக்கத்துக்கு 2 மி.மீ. கிடைத்துவிடுகிறது. தண்டின் நீளத்தைக் கவனியுங்கள். வெளிமுனையில் 2 மி.மீ. கூடுகிறது, தலையின் அடிப்பக்கம் தண்டை நோக்கி 2 மி.மீ. இறங்கி வருவதால் அதே அளவு குறைகிறது. எனவே அடித்த நிலையிலும் தண்டு 120 மி.மீ.தான். இரண்டு முனைக்கும் சேர்த்து 124 என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் பிழை.

தண்டுக்கு வகுத்தல் தேவையில்லை, அது கம்பியாகவே இருக்கிறது. தலைக்கு மட்டும் கணக்கு:

தலையின் கன அளவு = 0.7854 × 80 × 80 × 22 = சுமார் 1,10,600 கன மி.மீ.

கம்பியின் குறுக்குப் பரப்பு = 0.7854 × 40 × 40 = சுமார் 1,257 சதுர மி.மீ.

தலைக்குத் தேவையான கம்பி = 88 மி.மீ.

விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. தலையின் விட்டம் கம்பியின் இரு மடங்கு. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆக 22-ஐ நான்கால் பெருக்கினால் 88. கணிப்பான் இல்லாமலே கம்பியின் மேல் சுண்ணக்கட்டியால் போடக்கூடிய கணக்கு இது.

இனி எரிமானம். கரியுலையில் இரண்டு முறை காய்ச்சுவதற்கு, சூடேறும் பகுதியில் நூற்றுக்கு 5 வைத்தால் 4.4 மி.மீ. தலைக்கு 92.4 மி.மீ. ஆகிறது. தண்டுடன் சேர்த்து 212.4. வெட்டு கொஞ்சம் சாய்ந்தால் முனையை அரத்தால் நேராக்க ஒன்றரை மி.மீ. வைத்து, 214 மி.மீ. என்று குறித்து வெட்டலாம்.

கம்பியின் விட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? 32 மி.மீ. கம்பிதான் கிடைக்கிறது, அதையே நீளமாக வெட்டினால் கன அளவு சரியாகிவிடுமே?

கன அளவு சரியாகிவிடும், தலை சரியாகாது. நம் தலைக்கு 32 மி.மீ. கம்பியில் 137 மி.மீ.க்கு மேல் வேண்டும். அது கம்பியின் விட்டத்தைப் போல் 4.3 மடங்கு. அவ்வளவு நீளத்தைப் பழுக்கக் காய்ச்சி நுனியில் சம்மட்டியால் குத்தினால் கம்பி தடிக்காது, வளையும். வளைந்ததை நிமிர்த்தாமல் மேலும் அடித்தால் ஒரு மடிப்பு உள்ளே மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தலை உருண்டையாகவே இருக்கும். லேத்தில் போட்டுக் கடையும்போது மயிரிழைக் கோடாக அந்த மடிப்பு வெளிப்படும். அந்த முளையை இயந்திரத்தில் பொருத்தவே கூடாது. கிராங்க் சுற்றும்போது விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

தடிக்க வைக்கும் நீளம் கம்பி விட்டத்தின் 3 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது இயந்திரத்தில் அடிப்பவர்களின் விதி. கையால் அடிக்கும் பட்டறையில் 2.5 மடங்குடன் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. சம்மட்டி ஒவ்வொரு முறையும் நேராக விழாது, வெட்டிய முனையும் கச்சிதமாகச் செங்குத்தாக இருக்காது. நம் 40 மி.மீ. கம்பியில் 92.4 மி.மீ. என்பது 2.3 மடங்கு. எல்லைக்குள் இருக்கிறது.

ஆகவே விட்டத்தை முதலில் தீர்மானியுங்கள். நீளம் அதற்குப் பிறகு தானாக வரும்.

50 மி.மீ. கம்பி இருக்கிறது, 40 இல்லை. என்ன செய்வது?

அதையும் பயன்படுத்தலாம், வேலை மட்டும் இடம் மாறும். தலைக்கு 56 மி.மீ. கம்பி போதும், குத்தித் தடிக்க வைப்பது இலகு. ஆனால் தண்டை 50-இலிருந்து 40-க்கு அடித்து நீட்ட வேண்டும். 120 மி.மீ. தண்டுக்கு 50 மி.மீ. கம்பியில் சுமார் 77 மி.மீ. தேவை. இரண்டும் சேர்த்து 133 மி.மீ. இந்த முறை கம்பி முழுவதும் சூடேறுகிறது, காய்ச்சும் தடவைகளும் கூடும். எனவே எரிமானத்தைத் தலைக்கு மட்டும் போடாமல் முழு நீளத்துக்கும் போட வேண்டும். நூற்றுக்கு 7 வைத்தால் 142 மி.மீ. வரும், முனைக்கு ஒன்றரை சேர்த்து 144-இல் வெட்டலாம்.

எரிமானம் என்று தனியாக ஏன் வைக்க வேண்டும்? இரும்பு எங்கே போகிறது?

பழுத்த இரும்பின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கறுப்புச் செதிளாகிறது. சம்மட்டி விழும்போது அது உதிர்ந்து அடைகல்லைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கும். அவ்வளவும் உங்கள் கம்பியிலிருந்து போனதுதான்.

எவ்வளவு போகும் என்பது உலையைப் பொறுத்தது. முதல் காய்ச்சலுக்கு நூற்றுக்கு 3, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 2 என்று தொடங்கலாம். நெருப்பின் உள்ளே கரி ஆழமாக இருந்து, காற்றிலுள்ள ஒட்சிசன் கரியைத் தாண்டி வருவதற்குள் தீர்ந்துபோயிருந்தால் இழப்பு குறையும். கரி மெல்லிய அடுக்காக இருந்து, துருத்தியின் காற்று நேரே கம்பியில் படுமானால் இழப்பு கூடும். வெள்ளைப் பொறி பறக்கத் தொடங்கினால் அது எரிமானமே அல்ல, இரும்பே எரிகிறது. அந்த நுனியை வெட்டி எறிய வேண்டும். இளமஞ்சள் நிறத்தில் எடுத்துவிடுங்கள்.

மெல்லிய கம்பிக்குப் பங்கு கூடுதலாக வைக்க வேண்டும். செதிள் மேற்பரப்பில்தான் உண்டாகிறது. கன அளவோடு ஒப்பிட்டால் மெல்லிய கம்பிக்கு மேற்பரப்பு அதிகம். 16 மி.மீ. கம்பிக்கும் 40 மி.மீ. கம்பிக்கும் ஒரே நூற்றுவீதம் போட்டால் மெல்லியதில் பாகம் குறைந்துபோகும்.

உங்கள் உலையின் உண்மையான எண்ணை அறிய, முதல் துண்டை வெட்டியதும் நிறுங்கள், அடித்து ஆறியதும் செதிளைத் தட்டிவிட்டு மறுபடியும் நிறுங்கள். குறைந்த எடைதான் எரிமானம். உதிர்ந்த செதிளைக் கூட்டி நிறுத்துப் பார்க்காதீர்கள். அதில் ஒட்சிசனின் எடையும் கலந்திருக்கிறது.

சூட்டில் இரும்பு நீளுமே, அதற்குக் கழிக்க வேண்டுமா?

வெட்டும் நீளத்தில் எதையும் கழிக்கவோ கூட்டவோ வேண்டாம். குளிர்ந்த கம்பியை அளந்து, குளிர்ந்த பாகத்தின் கன அளவுக்கு வெட்டுகிறோம். இடையில் விரிவதும் சுருங்குவதும் சமன்படும். அடிக்கும்போது அளப்பதில்தான் கவனம் வேண்டும். நன்கு பழுத்த இரும்பு சுமார் ஒன்றரை வீதம் விரிந்திருக்கும். ஆறியபின் 80 மி.மீ. வேண்டுமானால் பழுத்த நிலையில் 81 மி.மீ.க்குச் சற்று மேலே அளவுகோலில் தெரிய வேண்டும்.

கடைசலுக்கு 2 மி.மீ. போதுமா? தலையின் ஓரத்தில் கறுப்பு மிஞ்சிவிடுகிறது.

குத்தித் தடித்த தலை நேரான உருளையாக வராது, நடுவில் பருத்துப் பீப்பாய் போல வரும். மேல்முகமும் அடிமுகமும் அடைகல்லிலும் தண்டைப் பிடிக்கும் அச்சிலும் உராய்ந்து பரவ மறுக்கின்றன. நடுப்பகுதி தடையின்றிப் பரவுகிறது. நீங்கள் நடுவில் வெர்னியர் வைத்து 80 என்று மகிழ்ந்தால் ஓரத்தில் 77 இருக்கலாம். அதற்குமேல் தலை தண்டுக்குச் சற்று விலகி உட்கார்ந்திருந்தால், 76-க்குக் கடையும்போது ஒரு பக்கம் கறுப்பு மிஞ்சத்தான் செய்யும்.

எனவே ஓரத்தில் அளவெடுங்கள். தலை சுற்றிலும் ஒரே நிறமாகச் சிவந்திருக்கும்போதே பக்கவாட்டில் உருட்டி உருட்டித் தட்டிப் பீப்பாயைக் குறையுங்கள். கையடி வேலை பழகாதவர் பக்கத்துக்கு 3 மி.மீ. வைக்கலாம். ஆனால் அப்போது தலை 82 விட்டமும் 24 தடிப்புமாகிறது. தேவையான கம்பி 88-இலிருந்து சுமார் 101 மி.மீ.க்குத் தாவுகிறது, எரிமானத்துடன் 106. அது விட்டத்தின் 2.65 மடங்கு. நான் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது. கூடுதல் மிச்சம் இலவசமாக வருவதில்லை.

வரைபடம் இல்லை. பழைய தேய்ந்த பாகம் மட்டும் இருக்கிறது. கன அளவை எப்படி அறிவது?

நிறுங்கள். எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம். கிராமில் எடையை 7.85-ஆல் வகுத்தால் கன செ.மீ. கிடைக்கும். நம் முளை முடிந்த நிலையில் 1.6 கிலோ, வகுத்தால் 204 கன செ.மீ.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய ஆங்கிலேயர் கால இயந்திரங்களில் எஃகென்று நினைக்கும் பல பாகங்கள் வார்ப்பிரும்பு. அதன் அடர்த்தி 7.2 அளவில்தான். வார்ப்பிரும்புப் பாகத்தை நிறுத்து 7.85-ஆல் வகுத்தால் கன அளவு நூற்றுக்கு 8 குறைந்து வரும், நீளமும் அவ்வளவு குறையும். சந்தேகமிருந்தால் நீரில் பாருங்கள். விளிம்பு வரை நிரம்பிய பாத்திரத்தில் பாகத்தை மெல்ல இறக்கி, வழியும் நீரைப் பிடித்து நிறுங்கள். ஒரு கிராம் நீர் ஒரு கன செ.மீ. உடைந்த முகத்தைப் பார்த்தும் ஊகிக்கலாம்: வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருக்கும், அரம் போட்டால் சுருளாக வராமல் தூளாக உதிரும்.

தேய்ந்துபோன பங்கை எடை காட்டாது. அதைத் தேயாத இடத்தின் அளவிலிருந்து கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

கடையில் எடைக்கு விற்கிறார்கள். நீளத்தை எடையாக மாற்ற வழி உண்டா?

விட்டத்தை மி.மீ.இல் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 40 மி.மீ. கம்பிக்கு 9.88 கிலோ. நம் 214 மி.மீ. துண்டு 2.11 கிலோ.

“நாற்பது” என்று சொல்லிக் கொடுத்த கம்பியில் அடித்தால் தலை சிறுத்துவிட்டது. ஏன்?

வெர்னியர் வைத்துப் பாருங்கள். அது ஒன்றரை அங்குலக் கம்பியாக இருக்கலாம், அதாவது 38.1 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பரப்பிலோ நூற்றுக்கு 9 குறைவு. விட்டம் இரு முறை பெருக்கப்படுவதால் அதில் வரும் பிழை கன அளவில் இரட்டிப்பாகிறது. அந்தக் கம்பியில் தலைக்கு 88 அல்ல, 97 மி.மீ. வேண்டும். எரிமானம் சேர்ந்தால் 102, விட்டத்தின் 2.67 மடங்கு. வளையும் ஆபத்தும் கூடவே வருகிறது.

சரியான 40 மி.மீ. என்று விற்கப்படும் கறுப்புக் கம்பியும் அரை மி.மீ. கூடியோ குறைந்தோ இருக்கலாம். இரண்டு இடத்தில், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, சராசரியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அடிக்காமல் நேரே 80 மி.மீ. கம்பியில் கடைந்து எடுத்தால் எவ்வளவு வெட்ட வேண்டும்?

கடைசலுக்குக் கன அளவு எந்தப் பயனும் தராது. பாகத்தின் மிகப் பெரிய விட்டமே கம்பியைத் தீர்மானிக்கிறது, நீளம் நேரடியாக நீளத்திலிருந்து வருகிறது. 138-உடன் முனைக்கு 2 மி.மீ. வீதம் சேர்த்து 142 மி.மீ. முழுக் கம்பியிலிருந்து லேத்திலேயே அறுத்தெடுத்தால், கடைசித் துண்டுக்கு சக் பிடிக்க 30 மி.மீ. அளவு மிஞ்ச வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

142 மி.மீ. துண்டின் எடை 5.6 கிலோ. முடிந்த முளை 1.6 கிலோ. நான்கு கிலோ சுருளாகத் தரையில் விழுகிறது. அடித்துச் செய்தால் வீணாவது அரைக் கிலோதான். ஒரே ஒரு முளை அவசரமாக வேண்டும், தொழிற்சாலை நின்றுகிடக்கிறது என்றால் கடைந்தே எடுத்துவிடுங்கள். உலையைப் பற்றவைக்கும் நேரத்தில் வேலை பாதி முடிந்துவிடும். ரோலரின் மூன்று கிராங்குக்கும் சேர்த்து, கையிருப்புக்கும் செய்வதானால் அடிப்பதே மேல். இரும்பின் உள்ளிழை தண்டிலிருந்து தலைக்குள் வளைந்து ஓடுவதால் கழுத்து உறுதியாகவும் இருக்கும்.

ஆறு மீற்றர் கம்பியில் எத்தனை துண்டு வரும்?

வெட்டும் அலகு தின்னும் அகலத்தைச் சேர்த்து வகுக்க வேண்டும். கட்டிங் டிஸ்க் சுமார் 3 மி.மீ. தின்னும். 214-உடன் 3 சேர்த்தால் 217. ஒரு கம்பியில் 27 துண்டுகள், 141 மி.மீ. மிச்சம். குறிக்கும்போது ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 217 வைத்துக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வரும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதிய முனையிலிருந்து 214 அளந்து, கோட்டுக்கு வெளிப்பக்கம் வெட்டுங்கள்.

எல்லாத் துண்டையும் ஒரே தடவையில் வெட்டிவிடலாமா?

ஒன்றை மட்டும் வெட்டி, அடித்து, அளந்த பிறகு மற்றவற்றை வெட்டுங்கள். முதல் துண்டில் தலை 22 மி.மீ. தடிப்பில் 77 மி.மீ. விட்டம்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். குறைவு சுமார் 8,140 கன மி.மீ. கம்பியில் அது 6.5 மி.மீ. உடனே நீளத்தை 220 ஆக்கிவிடத் தோன்றும், பொறுங்கள். அந்த இரும்பு எங்கே போனது என்று பாருங்கள்.

தலைக்குக் கீழே தண்டை அளங்கள். அங்கே 30 மி.மீ. தூரத்துக்கு 42 மி.மீ. என்று பருத்திருந்தால், அந்த வீக்கத்தில் மட்டும் 3 மி.மீ. கம்பிக்குச் சமமான இரும்பு உட்கார்ந்திருக்கிறது. சூடு தண்டுக்குள் அதிக தூரம் இறங்கியதே காரணம். அடிப்பதற்கு முன் தண்டுப் பகுதியில் நீர் ஊற்றிக் குளிர்வித்து, தலைக்கான நீளத்தை மட்டும் சிவப்பாக வைத்துக்கொண்டால் அந்த 3 மி.மீ. திரும்பக் கிடைக்கும். மைல்ட் ஸ்டீலுக்கு மட்டும் இப்படிச் செய்யுங்கள். கார்பன் கூடிய எஃகில் நீர் பட்டால் விரிசல் விடும்.

மீதமுள்ள மூன்றரை மி.மீ., முன்பு வைத்த 4.4-க்கு மேல் போன எரிமானம். எடையும் அதே அளவு கூடுதலாகக் குறைந்திருந்தால் உறுதி. அப்போது நீளத்தை 214-இலிருந்து 218 ஆக்கினால் போதும், 220 தேவையில்லை. தலைக்கான கம்பி இப்போது 96 மி.மீ. அளவில், விட்டத்தின் 2.4 மடங்கில் நிற்கிறது. அந்த நீளத்துக்கு ஒரு கோணச் சட்டத்தை வெட்டி அளவுகட்டையாக வைத்துக்கொண்டு மீதியை வெட்டத் தொடங்குங்கள்.